இன்டர்வியூ அறையில் முதல் நிமிடம்: டர்பன் பக்கத்துப் பள்ளி வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்தவர்கள் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. பாடத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. கதவைத் திறந்ததிலிருந்து முதல் கேள்வி வரும்வரை எப்படி நிற்பது, யாருக்கு வணக்கம் சொல்வது, எப்போது உட்கார்வது என்றுதான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

"பேனல்ல யாரெல்லாம் இருப்பாங்க? பிரின்சிபால்தான் தலைமையா?"

பள்ளியின் நிர்வாகக் குழு, அதாவது கவர்னிங் பாடி, ஒரு இன்டர்வியூ கமிட்டியை அமைக்கிறது. அதில் பெற்றோர் உறுப்பினர்கள், பிரின்சிபால், கல்வித் துறையின் பிரதிநிதி ஒருவர் ஆகியோர் இருப்பார்கள். பல இடங்களில் ஆசிரியர் உறுப்பினர் ஒருவரும் இருப்பார். சாட்டு, நாப்டோசா போன்ற ஆசிரியர் சங்கங்களும் ஆளுக்கொரு பார்வையாளரை அனுப்பலாம். அதனால் மேசையைச் சுற்றி ஐந்து பேரும் இருக்கலாம், எட்டுப் பேரும் இருக்கலாம்.

தலைவரையும் செயலாளரையும் கமிட்டி தன் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. தலைவர் பிரின்சிபாலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் அந்த நாற்காலியில் இருக்கலாம். பிரின்சிபாலின் முகத்தை மட்டும் பார்த்து "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கூட்டத்தை நடத்துகிற ஆளை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். முதல் நிமிடத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

"கதவைத் தட்டிட்டு நானே உள்ளே போகலாமா?"

பெரும்பாலும் செயலாளரோ பள்ளி அலுவலகத்துப் பெண்மணியோ வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருடன் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் இரண்டு தட்டுத் தட்டி, "கம் இன்" என்ற குரல் கேட்டபின் திறங்கள். குரல் வராவிட்டால் பத்து விநாடி பொறுத்து இன்னொரு முறை தட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் கதவைத் திறக்காமல் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முன்னால் போனவரின் மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் கதவைக் கையால் பிடித்து மெதுவாகச் சாத்துங்கள். அதற்காக முதுகை முழுதாகத் திருப்ப வேண்டாம், பக்கவாட்டில் நின்றாலே கைப்பிடி எட்டும். ஃபைலும் பையும் இடது கையில் இருக்கட்டும். கதவைத் திறக்கவும், யாராவது கை நீட்டினால் கொடுக்கவும் வலது கை காலியாக இருக்க வேண்டும்.

"வாயைத் திறந்து முதல்ல சொல்ல வேண்டிய வார்த்தை என்ன?"

நடந்துகொண்டே சொல்லாதீர்கள். உங்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியின் பக்கத்தில் வந்து, இரண்டு காலும் தரையில் பதிய நின்று, பிறகு சொல்லுங்கள். "குட் ஆஃப்டர்நூன், சேர்பர்சன். குட் ஆஃப்டர்நூன், மெம்பர்ஸ் ஆஃப் த பேனல்." இவ்வளவு போதும். தலைவர் யார் என்று தெரியாவிட்டால் இரண்டாவது வரியை மட்டும் சொல்லுங்கள். அதில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். பிறகு யார் முதலில் பேசி உங்களை உட்காரச் சொல்கிறாரோ, அநேகமாக அவர்தான் தலைவர்.

நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் உறுப்பினர்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் பல பள்ளிகளில் இன்டர்வியூ பள்ளி முடிந்தபின்தான் நடக்கும். வீட்டில் "குட் மார்னிங்" என்று பத்து முறை சொல்லிப் பழகியவர், பிற்பகல் மூன்றரைக்கும் அதையே சொல்லிவிடுவார். பன்னிரண்டு மணி தாண்டினால் ஆஃப்டர்நூன். வரிசை நீண்டு இருட்டிவிட்டால் ஈவ்னிங். வெளியே காத்திருக்கும்போதே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து எதைச் சொல்வது என்று முடிவு செய்துவிடுங்கள்.

"எட்டுப் பேர் இருந்தா எட்டுப் பேருக்கும் தனித்தனியா சொல்லணுமா?"

வேண்டாம். ஒரே வணக்கம், ஆனால் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். அது வார்த்தையால் நடப்பதில்லை, பார்வையால் நடக்கிறது. "சேர்பர்சன்" என்னும்போது நடுவில் இருப்பவரைப் பார்த்து, "மெம்பர்ஸ் ஆஃப் த பேனல்" என்னும்போது இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரே சீராகப் பார்வையைக் கொண்டுபோங்கள். இரண்டு, மூன்று விநாடி ஆகும். சங்கப் பார்வையாளர்கள் பெரும்பாலும் சுவரோரம் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், மதிப்பெண்ணும் போட மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் பக்கம் ஒரு தலையசைப்பு போகட்டும்.

தலைவர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும்போது, பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். ஒவ்வொருவருக்கும் "நைஸ் டு மீட் யூ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அறிமுகம் இழுத்துக்கொண்டே போகும்.

"நான் வணக்கம் சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கவே இல்ல. பிடிக்கலைன்னு அர்த்தமா?"

இல்லை. வேலைக்கு வந்த எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது ஆசிரியர் நியமன விதிகளில் உள்ளது. ஒரு பதவிக்கு ஐந்து பேருக்கு மேல் இன்டர்வியூவுக்குக் கூப்பிடக் கூடாது என்பது வழிகாட்டு முறை. அந்த ஐந்து பேருக்கும் அதே வரவேற்பு, அதே கேள்விகள், அதே நேரம். ஒருவரோடு சிரித்துப் பேசிவிட்டு இன்னொருவரோடு பேசாமல் விட்டால், தோற்றவர் குறை மனு போடுவார், சங்கப் பார்வையாளரும் குறித்துக்கொள்வார். அதனால் பல பேனல்கள் வரவேற்பைக்கூடத் தாளில் எழுதிவைத்து வாசிக்கின்றன.

எழுதிக்கொண்டிருப்பவர் நிமிராமலே இருந்தாலும் அப்படித்தான், முந்தையவரின் தாளை முடித்துக்கொண்டிருப்பார். ஆனால் பாதிப் பேர் குனிந்திருக்கும்போது உங்கள் வணக்கத்தைச் செலவழிக்காதீர்கள். நாற்காலியருகே வந்து நின்று, ஒருவராவது நிமிரும்வரை பொறுங்கள். மூன்று விநாடி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அவர்கள் சிரிக்காததால் நீங்கள் இன்னும் அகலமாகச் சிரிக்கத் தேவையில்லை. வாய் மூடிய சிறு புன்னகையை அப்படியே வைத்திருங்கள்.

"கை குலுக்கணுமா, வேண்டாமா?"

நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்குக் கொடுத்தால் எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டியதாகிவிடும். மேசைமேல் சாய்ந்து, சேலைத் தலைப்போ டையோ தண்ணீர்க் கிளாஸில் விழுந்து, நிமிடமே போய்விடும். அவர்கள் நீட்டினால் தயங்காமல் கொடுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அவர் பள்ளத்தோடு பொருந்த வேண்டும். விரல் நுனியை மட்டும் கொடுத்தால் பயந்த கை என்று தெரியும். அவர் அழுத்தும் அளவுக்கே அழுத்தி, இரண்டு அசைவில் விட்டுவிடுங்கள்.

ஜூலு பேசும் மூத்தவர் கை கொடுக்கும்போது தன் இடது கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டு கொடுக்கக்கூடும். அது மரியாதையின் அடையாளம். நீங்களும் அப்படியே செய்யலாம், நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இரு கையால் பொருள் கொடுப்பவர்களுக்கு அது இயல்பாகவே வரும். பிடித்த கையை மாற்றிப் பெருவிரலைக் கோத்து மறுபடி பிடிக்கும் மூன்று கட்டக் குலுக்கலை அவர் தொடங்கினால் கூடப் போங்கள். நீங்கள் தொடங்க வேண்டாம்.

"முஸ்லிம் உறுப்பினர் இருந்தா, ஆணுக்குப் பெண் கை கொடுக்கலாமா?"

டர்பன் பள்ளிகளில் இது அடிக்கடி வரும். சிலர் எதிர்பாலினத்தவருக்குக் கை கொடுக்க மாட்டார்கள், சிலர் கொடுப்பார்கள். உடையைப் பார்த்து ஊகிக்க முடியாது. நீங்களாக நீட்டுவதில்லை என்ற மேலே சொன்ன விதியைக் கடைப்பிடித்தால் இந்தச் சிக்கலே எழாது. மற்றவர்கள் கை கொடுத்து, அவர் மட்டும் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால், நீங்களும் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தலையசையுங்கள். நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுப்பதுதான் இருவருக்கும் சங்கடம்.

"நான் 'வணக்கம்'னு கைகூப்பலாமா? நம்ம பண்பாடுதானே?"

தமிழ் ஆசிரியர் பதவி என்றாலோ, பேனலில் ஒருவர் முதலில் வணக்கம் சொன்னாலோ கட்டாயம் கைகூப்புங்கள். மற்ற பதவிகளுக்குப் பேனலின் பொது மொழி ஆங்கிலம். அங்கே தமிழ் தெரிந்த ஒருவரை மட்டும் பார்த்து வணக்கம் என்றால், அவரைத் தனியாகப் பிரித்து எடுத்தது போலாகிவிடும். அவருக்கே அது நெருக்கடி, ஒருதலைப்பட்சம் என்ற பேச்சு அவர்மேல் வரும்.

"ஜூலுவில் 'சனிபோனானி' சொன்னா நல்லதா, நடிப்பு மாதிரி இருக்குமா?"

அந்தப் பள்ளியில் ஜூலு பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள், பேனலிலும் ஜூலு பேசுபவர் இருக்கிறார் என்றால் நல்லதுதான். ஆங்கில வணக்கத்தைச் சொல்லி முடித்து, அதே மூச்சில் எல்லாரையும் பார்த்து "சனிபோனானி" என்று சேர்த்துக்கொள்ளலாம். பலருக்குச் சொல்லும்போது "சனிபோனானி", ஒருவருக்கு "சவுபோனா". பேனலைப் பார்த்து "சவுபோனா" என்றால் ஒருவருக்கு மட்டும் சொன்னதாகிவிடும்.

அவர் பதிலுக்கு "உன்ஜானி?" என்று நலம் விசாரித்தால், "ங்கியபிலா, ங்கியபோங்கா" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் பியும் எச்சும் சேர்ந்து இருப்பதைப் பார்த்து 'ஃபிலா' என்று சொல்லிவிடுகிறார்கள். அது மூச்சு விட்டுச் சொல்லும் 'பி'தான். இந்தப் பதில்வரை பழகாதவர்கள் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு விழிப்பது வேண்டாத பதற்றம்.

"பேனல்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருக்காங்க. எப்படிக் கூப்பிடறது?"

டர்பனில் நாம் எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்றே வளர்ந்தோம். அந்த அறையில் மட்டும் அது கூடாது. "மேடம்" அல்லது திருமதி என்று குடும்பப் பெயரோடு, "மிசஸ் பிள்ளை", "மிசஸ் மூட்லி" என்று சொல்லுங்கள். வணக்கத்தில் அவருக்கும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே பார்வை, அதே அளவு. அவர் கண்டும் காணாததுபோல் இருந்தால் கோபிக்க வேண்டாம். உங்களுக்குச் செய்யும் உதவி அதுதான்.

உண்மையான உறவுக்காரர் என்றால் வேறு கதை. அதை அவர் இன்டர்வியூவுக்கு முன்பே கமிட்டியிடம் சொல்லி விலகியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் உங்கள் வேலையே பின்னால் கேள்விக்குள்ளாகலாம். அறைக்குள் வந்தபின் கண்ணைக் காட்டிப் பேசுவதைவிட, பட்டியல் வந்த நாளிலேயே வீட்டில் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

"எப்போ உட்காரணும்? பையை எங்க வைக்கறது?"

"ப்ளீஸ் சிட்" என்று சொன்னபின் "தேங்க் யூ" சொல்லி உட்காருங்கள். வணக்கம் சொல்லியும் ஐந்து விநாடிவரை ஒருவரும் சொல்லாவிட்டால், "மே ஐ சிட்?" என்று கேட்கலாம். மூத்தவர் முன் நின்றுகொண்டே இருப்பது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் நெடுநேரம் உயர்ந்து நிற்பது ஜூலு வீட்டு வழக்கத்தில் மரியாதை ஆகாது, அதனால் கேட்டு உட்கார்வதே சரி.

நாற்காலியை இழுத்தால் பள்ளித் தரையில் கிரீச்சென்று கத்தும், கொஞ்சம் தூக்கி நகர்த்துங்கள். காலின் பின்பக்கம் நாற்காலியில் படுவதை உணர்ந்தபின் உட்காருங்கள், திரும்பிப் பார்க்கத் தேவையிருக்காது. இடுப்பு நாற்காலியின் பின்பகுதியைத் தொடட்டும், பாதங்கள் இரண்டும் தரையில் இருக்கட்டும். நுனியில் உட்கார்ந்தால் தொடை இறுகி, நடுக்கம் குரலுக்கு ஏறும். பை தரையில், நாற்காலிக் காலை ஒட்டி. மேசைமேல் ஃபைல் மட்டும், அதுவும் மூடியபடி. கைகளை மடியிலோ மேசை விளிம்பிலோ ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். போனைச் சைலண்டில் போடாமல் அணைத்துவிடுங்கள், பைக்குள் அதிர்ந்தாலும் அமைதியான அறையில் கேட்கும்.

"பெரியவங்க கண்ணைப் பார்த்துப் பேசக் கூடாதுன்னு வளர்த்தாங்க. இங்க பார்க்கணும்கிறாங்க. எப்படி?"

இரண்டையும் காப்பாற்றலாம். வணக்கம் சொல்லும் அந்தச் சில விநாடி கண்ணைப் பாருங்கள். பிறகு தலைவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்து, நடுநடுவே பார்வையை மேசைக்கு இறக்கி மறுபடி ஏற்றலாம். பார்வை இறங்குவது பேனலிலிருக்கும் ஜூலு மூத்தவருக்கும் மரியாதையாகவே தெரியும், நம் வீட்டுப் பழக்கம்தான் அவர்களுக்கும். வணக்கத்தையே தரையைப் பார்த்துச் சொல்வதுதான் தவறு. கண் கூசினால் புருவ நடுவைப் பாருங்கள், மேசையின் அகலத்தில் வித்தியாசம் தெரியாது.

"'ஹௌ ஆர் யூ?'ன்னு கேட்டா உண்மையைச் சொல்லலாமா? ரொம்பப் பயமா இருக்குன்னு?"

"ஐயாம் வெல், தேங்க் யூ, சேர்பர்சன். ஐ ஹோப் யூ ஆர் வெல் டூ." இதோடு நிறுத்துங்கள். பயம், டிராஃபிக், மழை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு: தாமதமாக வந்திருந்தால், வணக்கத்துக்குப் பின், "ஐ அப்பாலஜைஸ் ஃபார் த டிலே" என்று ஒரு வாக்கியம். காரணத்தை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

"என் பேரைத் தப்பா சொல்றாங்க. திருத்தலாமா?"

ஒரே முறை, முதல் நிமிடத்திலேயே திருத்துங்கள். பெயரை இரண்டாகப் பிரித்துச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்ச்செல்வி என்றால், "இட்ஸ் தமிழ்... செல்வி. செல்வி இஸ் ஃபைன்." பிறகும் தவறாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். நீங்களே உங்கள் பெயரைச் சொல்லும்போது முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் சிறிது இடைவெளி விடுங்கள். வேகமாகச் சேர்த்துச் சொன்னால், எழுதுகிற செயலாளர் மறுபடி கேட்க நேரும்.

"கை வியர்க்குது, குரல் அடைக்குது. டர்பன் வெயில்ல என்ன செய்யறது?"

இருபது நிமிடம் முன்னால் வந்து, கேட்டில் விசிட்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, நிழலில் உட்காருங்கள். கைக்குட்டை வலது பக்கம் இருக்கட்டும், கூப்பிட்டதும் உள்ளங்கையை ஒற்றிக்கொள்ளலாம். வெளியே வரிசையில் பேசாமல் அரை மணி இருந்தவர்களுக்குக் குரல் அடைத்து முதல் வார்த்தை கரகரக்கும். கூப்பிடுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்து, உடன் காத்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவையுங்கள். கதவருகே மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், முழுதாக வெளியே விடுங்கள். இழுத்த மூச்சோடு பேசினால் வணக்கம் உரக்க ஆரம்பித்துக் கடைசி வார்த்தையில் அமுங்கிவிடும்.

"முதல் நிமிஷத்துக்குத் தனி மார்க் உண்டா?"

கேள்விகளுக்குத்தான் மார்க். வணக்கத்துக்கென்று தனி வரி அநேகமாக இருக்காது. ஆனால் பல மதிப்பெண் தாள்களில் பேச்சுத்திறனுக்கு ஒரு வரி உண்டு. அதைப் போடுகிறவர் நினைவில் முதலில் நிற்பது நீங்கள் உள்ளே வந்த விதம். வணக்கத்தால் பலவீனமான பதிலைத் தூக்கிவிட முடியாது. வணக்கம் குழம்பினால் முதல் கேள்வியின் பாதி நேரம் அந்தக் குழப்பத்திலிருந்து மீள்வதிலேயே போகும் என்பதுதான் உண்மையான இழப்பு.

"முழுசா ஒரு தடவை வரிசையாச் சொல்லுங்க, எப்படி நடக்கும்?"

பிற்பகல் 3.20, சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஃபவுண்டேஷன் ஃபேஸ் பதவிக்கு வந்த ஆசிரியை, ஸ்டாஃப்ரூம் கதவைத் திறக்கிறார். நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், சுவரோரம் இரண்டு சங்கப் பார்வையாளர்கள். கதவைச் சாத்தி ஆறு அடி நடந்து நாற்காலியருகே நிற்கிறார். இதற்குள் எட்டு விநாடி. மூன்று பேர் எழுதிக்கொண்டிருப்பதால் நிற்கிறார். ஒரு பெண் உறுப்பினர் நிமிர்கிறார். தலைவர் யாரென்று தெரியாததால், "குட் ஆஃப்டர்நூன், மெம்பர்ஸ் ஆஃப் த பேனல். சனிபோனானி" என்று இடமிருந்து வலம் பார்த்துச் சொல்லி, சுவரோரம் தலையசைக்கிறார். கோடியில் இருந்த முதியவர் "யேபோ, சவுபோனா" என்கிறார்.

நடுவில் இருப்பவர், "ப்ளீஸ், ஹேவ் எ சீட்" என்கிறார். அவர்தான் தலைவர் என்று இப்போது தெரிகிறது. "தேங்க் யூ, சேர்பர்சன்." நாற்காலியைத் தூக்கி நகர்த்தி, பையைக் கீழே வைத்து உட்காரப் பத்து விநாடி. தலைவர் தாளைப் பார்த்து உறுப்பினர்கள் பெயரை வாசிக்கிறார், ஒவ்வொரு பெயருக்கும் இவர் அந்த முகத்தைப் பார்க்கிறார். இத்தனை கேள்வி, இத்தனை நிமிடம், நாங்கள் எழுதிக்கொள்வோம் என்று தலைவர் சொல்லி முடித்து, "ஆர் யூ ரெடி?" என்கிறார். "யெஸ், சேர்பர்சன், தேங்க் யூ." இதைச் சொல்லிவிட்டுத் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்காமல் நிறுத்துகிறார். பலர் இங்கேதான் மனப்பாடம் செய்த அறிமுகத்தைக் கொட்டிவிடுகிறார்கள். "டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்" என்பது பெரும்பாலும் முதல் கேள்வியாகவே வரும், அதைக் கேட்டபின் சொன்னால்தான் மதிப்பெண் தாளில் ஏறும்.